முகவாயில் தையல், காதோரத்தில் முறிவு

தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும் நாள்களில் நம் பக்கத்துச் சாலைகள் பாதி களமாகிவிடுகின்றன. தார்ச்சாலையின் ஓர் ஓரத்தில் நெல் காயும். இன்னோர் இடத்தில் வைக்கோல் பரப்பியிருக்கும். உலர்ந்த நெல்மணிகள் இருசக்கர வாகனத்தின் சக்கரத்தின் அடியில் உருளும் தன்மையுடையவை. அங்கே பிரேக் பிடித்தவர் பெரும்பாலும் பக்கவாட்டில் சரிவதில்லை. கைப்பிடிக்கு மேலாக முன்னோக்கிப் போய் முகவாய் தரையில் மோத விழுகிறார். அவ்வாறு விழுந்து, முகவாயில் தையலும் போட்டுக்கொண்டு, பின்னர் எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முப்பத்தைந்து வயதுள்ள விவசாயி அவர். பாபநாசத்துக்கு அருகில் மாலை நேரத்தில் வண்டி சறுக்கியது. தலையில் பாதி ஹெல்மெட் இருந்தது. அது தலையைக் காத்தது, முகவாயைக் காக்கவில்லை. முகவாயின் அடியில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத் தோல் பிளந்து இரத்தம் கொட்டியது. அருகில் இருந்த ஒரு மருத்துவமனையில் காயத்தைக் கழுவி ஐந்து தையல் போட்டார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை என்பதால் அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். காதோரம் வலித்தது. விழுந்த அதிர்ச்சி என்று எல்லோரும் எண்ணினார்கள். ஒன்பதாம் நாள் தையல் பிரித்த பிறகுதான் அவருடைய மனைவி அவரை எங்களிடம் அழைத்துவந்தார். “புண்ணு ஆறிடுச்சு டாக்டர். ஆனா இவரால சோறு மெல்ல முடியல. பல்லு முன்ன மாதிரி சேர மாட்டேங்குதுங்கறாரு” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எங்களுக்குப் பாதி நோயறிதலாக இருந்தது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எப்படிச் சேர வேண்டும் என்பதை ஒவ்வொருவருடைய வாயும் பல ஆண்டுப் பழக்கத்தால் அறிந்து வைத்திருக்கிறது. ஒரு மயிரிழை மாறினாலும் உணர்ந்துவிடும். விபத்துக்குப் பிறகு ஒருவர் “பல் சேரும் விதம் மாறிவிட்டது” என்று சொன்னால், வேறொரு காரணம் உறுதிப்படும் வரை தாடை முறிந்திருப்பதாகவே நாங்கள் கொள்கிறோம்.

அடிபட்ட இடம் முகவாய். வலித்த இடமோ காதோரம். இதன் காரணம் கீழ்த்தாடையின் அமைப்பில் உள்ளது. கீழ்த்தாடை குதிரை லாடம் போன்று வளைந்த ஒரே எலும்பு. அதன் இரு முனைகளும் மேலே சென்று, காதுத் துளைக்குச் சற்று முன்னால், மண்டையோட்டின் அடியில் உள்ள குழிகளில் மூட்டாகப் பொருந்துகின்றன. வாயைத் திறந்து மூடியபடி காதுக்கு முன்னால் விரல் வைத்துப் பார்த்தால் அந்த மூட்டுத் தலை நகர்வதை நீங்களே உணரலாம். அந்தத் தலைக்குக் கீழே எலும்பு ஒடுங்கிக் கழுத்துப் போலிருக்கும். முகவாயில் விழும் அடி எலும்பின் வழியே பின்னோக்கி ஓடி, மெலிந்த அந்த இடத்தில் போய் நிற்கிறது, அங்கே முறிகிறது. ஒரு வகையில் இது நன்மையே. அந்தக் கழுத்து முறிந்து விசையை வாங்கிக்கொள்ளாவிட்டால், அதே விசை மூளைக்கு அடியிலுள்ள மண்டையோட்டுத் தளத்தைத் தாக்கியிருக்கும்.

கைமுறுக்கை ஓரிடத்தில் மட்டும் உடைத்துப் பாருங்கள். அது அநேகமாக இரண்டு இடத்தில் உடையும். கீழ்த்தாடையும் மண்டையோட்டோடு சேர்ந்து ஒரு வளையம் போன்றதே. ஆகவே ஒரு முறிவைக் கண்டவுடன் இரண்டாவதைத் தேடுவது எங்கள் வழக்கம். முகவாய் நடுவில் ஒன்றும், இருபுறக் காதோரங்களில் ஒவ்வொன்றுமாக மூன்று முறிவுகள் ஒரே விழுதலில் ஏற்படுவதும் உண்டு. ஆங்கில நூல்களில் இதற்கு அரண்மனைக் காவற்படை வீரரின் பெயரால் ஒரு பெயர் இருக்கிறது. அணிவகுப்பில் நெடுநேரம் அசையாமல் நின்று மயங்குபவர், கையை ஊன்றாமல் மரம்போல் முகவாய் மோத விழுவார் என்பதால் வந்த பெயர் அது. நம் ஊரில் அப்படி விழுபவர்கள் வலிப்பு நோய் உள்ளவர்களும், விடியற்காலையில் எழுந்து நடக்கையில் மயக்கம் வந்து சாயும் முதியவர்களும் ஆவர். அவர்களுக்குத் தாடையைச் சரிசெய்வதோடு, ஏன் விழுந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த விவசாயியை வாயைத் திறக்கச் சொன்னோம். அவரவர் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அளவுக்கு வாய் திறப்பது இயல்பு; அது ஏறத்தாழ 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை இருக்கும். அவருக்கு 18 மில்லிமீட்டரே திறந்தது. திறக்கும்போது முகவாய் நேராக இறங்காமல் இடப்பக்கம் ஒதுங்கியது. தாடை ஒரு பக்கம் முறிந்திருந்தால், நலமான பக்கத்துத் தசை தன் பக்கத்தை முன்னே தள்ளும். முறிந்த பக்கம் அதனுடன் செல்லாது. ஆகவே முகவாய் முறிந்த பக்கமே திரும்பும். பற்களைக் கடிக்கச் சொன்னபோது இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் முதலில் முட்டிக்கொண்டன. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. முறிந்த பக்கம் எலும்பின் உயரம் குறைந்து, கடைவாய்ப் பல் மேலே ஏறியிருப்பதன் விளைவு இது.

அத்துடன் வலப்புறக் கோரைப் பல்லுக்கும் அதற்கு அடுத்த பல்லுக்கும் இடையில் ஈறு கிழிந்திருந்தது. அங்கே பல்வரிசை ஒரு படி இறங்கினாற்போல் இருந்தது. நாக்கைத் தூக்கச் சொன்னதும், வாயின் அடித்தளத்தில் பழைய இரத்தக்கட்டின் கருநீலம் தெரிந்தது. வாய்த்தளத்தில் இரத்தக்கட்டு இருந்தால் எலும்பு முறிவை நாங்கள் மிகவும் சந்தேகிப்போம். இரண்டு இடத்திலும் முறிவு இருக்க வேண்டும் என்ற எண்ணத்துடன்தான் அவரைப் படம் எடுக்க அனுப்பினோம்.

இன்னும் இரண்டு அறிகுறிகளைக் குடும்பத்தார் தெரிந்திருப்பது நல்லது. கீழுதட்டின் ஒரு பாதி மரத்துப்போனால், தாடைக்குள் ஓடும் உணர்ச்சி நரம்பு முறிவின் வழியே நசுங்கியிருக்கலாம். காதிலிருந்து இரத்தம் வந்தால் அது மூட்டுத் தலை காதுக்குழாயின் முன்சுவரைக் கிழித்ததாலும் இருக்கலாம். மண்டையோட்டுத் தளம் முறிந்ததாலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. அதனால் காதில் இரத்தம் கண்ட எவரையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

முதல் படம் ஓ.பி.ஜி. எனப்படும் எக்ஸ்ரே. நோயாளர் நின்றபடி அல்லது அமர்ந்தபடி முகவாயை ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி ஒரு முறை வரும். அரை நிமிடத்துக்கும் குறைவான வேலை. ஒரு காதிலிருந்து மறு காது வரை தாடை முழுவதும் விரித்து வைத்த ஏடு போல ஒரே படத்தில் தெரியும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. நடுவில், முன்பற்களின் பகுதியில், கழுத்தெலும்பின் நிழல் விழுந்து மங்கிவிடும். மேலும் எலும்புத் துண்டு முன்பின்னாக நகர்ந்ததா, உட்புறம் சாய்ந்ததா என்பதை ஒரு கோணத்துப் படத்தால் சொல்ல முடியாது. கதவை நேர் எதிரே நின்று பார்த்தால் அது சற்றுத் திறந்திருப்பது தெரியாது. பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும். ஆகவே பின்னிருந்து முன்னாக எடுக்கும் இன்னொரு எக்ஸ்ரேயையும் சேர்த்துப் பார்க்கிறோம். “ஒரு படம் போதாதா டாக்டர்?” என்று பலரும் கேட்பதற்கு விடை இதுதான்.

இந்த நோயாளரின் ஓ.பி.ஜி. படத்தில் இடப்பக்க மூட்டின் கழுத்து முறிந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கக் கோரைப் பல்லின் அருகே ஒரு மெல்லிய கோடும் தெரிந்தது. மூட்டுத் தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, குழியில்தான் இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்பதை அறிய சி.டி. ஸ்கேன் எடுத்தோம். நிற்க இயலாத நோயாளருக்கும், தலையில் அடிபட்டவருக்கும் முதலிலேயே சி.டி.தான் எடுக்கப்படும். இவருக்குத் தலை குழியில்தான் இருந்தது. சற்று உட்புறம் சாய்ந்திருந்தது, அவ்வளவே.

தாடை முறிவு கைகால் முறிவிலிருந்து வேறுபடுவது அடுத்த கட்டத்தில்தான். கையை மாவுக்கட்டில் வைக்கலாம். தாடைக்கு மாவுக்கட்டுப் போட முடியாது. ஆனால் தாடைக்கு இயற்கை தந்த ஓர் அச்சு உண்டு: மேல்வரிசைப் பற்கள். முறியாத மேல்தாடையில் கீழ்ப்பற்களைப் பழைய இடத்தில் சரியாகக் கடிக்க வைத்துவிட்டால், அடியிலுள்ள எலும்புத் துண்டுகளும் பெரும்பாலும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். அந்தக் கடியை நகராமல் பிடித்து வைப்பதே “வாய்க்கட்டு” என்று நீங்கள் சொல்வது.

அதற்கு மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக, சிறு கொக்கிகள் உள்ள வளையும் உலோகப் பட்டைகள் இரண்டை எடுத்துக்கொள்கிறோம். அவற்றைப் பல்லின் வெளிப்புறத்தில் பொருத்தி, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத கம்பியை ஒவ்வொரு பல்லின் கழுத்தையும் சுற்றி வளைத்து முறுக்குகிறோம். உள்ளூர் மரப்பு ஊசியிலேயே இது செய்யக்கூடியது. ஒரு மணி நேரம் ஆகலாம். பிறகு மேல்கொக்கிக்கும் கீழ்க்கொக்கிக்கும் இடையில் சிறு ரப்பர் வளையங்களையோ கம்பியையோ மாட்டினால் வாய் மூடி நிற்கும்.

எத்தனை நாள் அப்படி இருக்க வேண்டும் என்பதே எல்லோரும் முதலில் கேட்பது. அது முறிந்த இடத்தைப் பொறுத்தது. பல் வரிசைக்குக் கீழுள்ள எலும்பு முறிந்து, அறுவை செய்யாமல் வாய்க்கட்டில் மட்டும் ஆற விட்டால், பெரியவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மூட்டின் கழுத்து மட்டும் முறிந்தால் ஏறத்தாழ இரண்டு வாரம் போதும். அதற்கு மேல் அசையாமல் வைத்தால் மூட்டு இறுகத் தொடங்கும். இந்த விவசாயிக்கோ இரண்டும் முறிந்திருந்தன: ஒன்றுக்கு ஆறு வாரம் அசைவின்மை தேவை, மற்றொன்றுக்கு இரண்டு வாரத்தில் அசைவு தேவை. இந்த முரணைத் தீர்க்கத்தான் பிளேட் பயன்படுகிறது. முழு மயக்கத்தில், வாயின் உட்புறமாகவே கீறி, கோரைப் பல்லருகே முறிந்த எலும்பை இரண்டு சிறு டைட்டானியம் பிளேட்டுகளாலும் திருகாணிகளாலும் பொருத்தினோம். ஒன்பது நாள் ஆகிவிட்டதால் முறிவின் இடையே வளர்ந்திருந்த சதையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. முதல் சில நாள்களுக்குள் வந்திருந்தால் அந்த வேலை இருந்திருக்காது.

மூட்டுக் கழுத்தையும் பிளேட் போட்டுப் பிணைத்திருக்கலாமே என்று அவருடைய தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். தலை குழியைவிட்டு வெளியேறியிருந்தாலோ, எலும்பின் உயரம் அதிகம் குறைந்திருந்தாலோ, வாயை மூட முடியாதபடி துண்டு குறுக்கே நின்றாலோ அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அந்த மூட்டுக்குப் போகும் வழியில் முகத்தசைகளை இயக்கும் நரம்பின் கிளைகள் ஓடுகின்றன. அவை இழுபட்டால் கண்ணிமையோ உதடோ சில காலம் தளரலாம். அரிதாக நிலைத்தும் விடலாம். ரப்பர் வளையங்களாலேயே கடி சரியாக வந்த இவருக்கு அந்த ஆபத்தை ஏற்பது தேவையில்லை என்று முடிவு செய்தோம். இதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வேறொரு மருத்துவர் அறுவையைத் தேர்ந்தால் அது தவறு என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

வாய் மூடியிருந்த அந்த இரண்டு வாரத்தில் வீட்டாரின் பங்கு பெரிது. உணவு கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வழியாகவும், கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளி வழியாகவும் உள்ளே போகும். ஆகவே எதுவாயினும் மிக்சியில் அரைத்து வடிகட்டியதாக இருக்க வேண்டும். அவருடைய மனைவி நொய்க்கஞ்சி, பருப்புத் தண்ணீர், சத்துமாவுக் கஞ்சி, மோர், பழச்சாறு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தார். வெறும் கஞ்சித் தண்ணீரில் புரதம் போதாது. பால், நன்கு வேகவைத்து அரைத்த பருப்பு, வெந்த முட்டையைச் சூப்பில் அரைத்தது போன்றவை தினமும் சேர வேண்டும். அப்படியும் இரண்டு மூன்று கிலோ எடை குறையலாம். நீரிழிவு உள்ளவருக்கு இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. உணவு பாதியாகக் குறைந்திருக்கையில் மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே போனால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். வாய்க்கட்டுப் போடும் நாளிலேயே மருந்தளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா மாத்திரையையும் பொடித்துக் கரைத்துக் கொடுக்கவும் கூடாது. சில மாத்திரைகள் பொடித்தால் கெட்டுவிடும், சில தீங்கு செய்யும்.

வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடுமோ என்ற அச்சம் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. குடித்தது நீராகாரமாக இருந்தால் வருவதும் நீராகவே வரும். தலையை முன்னால் குனியவைத்தால் அது பல்லிடுக்கு வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியேறிவிடும். மல்லாந்து படுக்கவிடக் கூடாது. அப்படியும் மூச்சுத் திணறினால் தயங்காமல் கட்டை வெட்டிவிட வேண்டும். ரப்பர் வளையமானால் சிறு கத்தரிக்கோல் போதும்; கம்பியானால் கம்பி வெட்டும் குறடு வேண்டும். அது நோயாளரின் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் முன் அதைக் கண்ணாடி முன் காட்டிச் சொல்லித் தருகிறோம். பிறகு மீண்டும் கட்டிக்கொள்ளலாம். அந்த நாள்களில் மது அருந்துவது உயிருக்கே ஆபத்து என்பதற்கும் இதுவே காரணம்.

வெற்றிலை, சீவல், புகையிலை போடும் பழக்கம் நம் பகுதியில் அதிகம். கட்டு இருக்கும்போது மெல்ல முடியாது என்றாலும், புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். தையல் பிரிந்து பிளேட் வெளியே தெரிவதும் சீழ் பிடிப்பதும் இத்தகையோரிடம் கூடுதல். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷால் கம்பிகளைச் சுற்றி ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் தேய்த்து, மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் கரைசலால் கொப்பளிக்க வேண்டும். கம்பி நுனி உதட்டைக் குத்தினால் அதன்மேல் அப்புவதற்கு மெழுகு தருவோம்.

பல்லே இல்லாத முதியவருக்கு இந்தப் பட்டையை எங்கே கட்டுவது? அவருடைய பல்செட்டையே அச்சாகப் பயன்படுத்தி, அதைத் தாடையோடு பிணைக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்கப் பல்மருத்துவர் கன்னிங் 1860களில் ரப்பரால் செய்த தாங்கிகளின் வழியில் வந்தது அது. இன்று பெரும்பாலும் பிளேட்டே போடுகிறோம் என்றாலும், விழுந்தபோது பல்செட் உடைந்திருந்தால் துண்டுகளை எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். ஒரு துண்டோ ஒரு பல்லோ குறைந்தால் அதையும் சொல்லுங்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டியிருக்கும்.

பதினைந்தாம் நாள் அந்த விவசாயியின் இறுக்கமான ரப்பர்களைக் கழற்றி, கடியை வழிநடத்த மட்டும் இரவில் இரண்டு மெல்லிய ரப்பர்களை விட்டோம். பகலில் பயிற்சி. கண்ணாடி முன் அமர்ந்து, முகவாய் இடப்புறம் ஒதுங்காமல் கையால் தாங்கி நேராகத் திறக்க வேண்டும்; ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு ஐந்து வேளை. வலிக்கிறது என்று முதல் வாரம் அவர் செய்யவில்லை. திறப்பு 20 மில்லிமீட்டரிலேயே நின்றது. பிறகு மனைவி ஸ்கேலை வைத்து அளந்து காலண்டரில் குறிக்கத் தொடங்கினார். ஆறாவது வாரம் பட்டைகளை எடுத்தபோது 31, மூன்றாம் மாதம் 38. பிளேட் உள்ளே இருக்கிறது. தொந்தரவு இல்லாதவரை அதை எடுக்க வேண்டியதில்லை.

இதே விழுதல் ஒரு குழந்தைக்கு நேர்ந்தால் கணக்கு மாறுகிறது. சைக்கிளிலிருந்தோ, படித்துறையில் வழுக்கியோ முகவாய் மோத விழுந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு மூட்டுத் தலை நொறுங்கியிருந்தாலும், தோலில் ஒரு சிறு வெட்டு மட்டுமே தெரியலாம். குழந்தைகளின் எலும்பு விரைவாகக் கூடும், தானே உருத்திருந்தியும் கொள்ளும். ஆகவே பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. கட்டுப் போட்டாலும் ஏழு முதல் பத்து நாள்தான். ஆனால் கண்டறியாமல் விட்டு, வலிக்குப் பயந்து குழந்தை வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால், நொறுங்கிய தலை குழியோடு ஒட்டி எலும்பாகிவிடலாம். அதன்பின் வாய் திறப்பது மாதம் மாதம் குறையும். தாடை வளரும் மையமும் அந்த மூட்டில் இருப்பதால் அந்தப் பக்கம் முகம் வளராமல் சிறுத்துவிடும். பின்னர் அந்த ஒட்டை அறுத்து நீக்குவது பெரிய அறுவை.

முகவாயில் தையல் போட்ட குழந்தை ஒரு வாரம் கழிந்தும் இட்லியைப் பிட்டு ஒதுக்கி வைத்துப் பாலை மட்டும் கேட்டால், அடம் என்று எண்ண வேண்டாம். வாயைத் திறக்கச் சொல்லி, எத்தனை விரல் நுழைகிறது, முகவாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். குழந்தையின் மூன்று விரல் நுழையாவிட்டால் அன்றே அழைத்துவாருங்கள். முறிவு இருந்து சிகிச்சை பெற்ற குழந்தையை முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒரு முறையும், பிறகு வளர்ச்சி முடியும் வரை ஆண்டுக்கொரு முறையும் நாங்கள் பார்த்தாக வேண்டும்.